உயரம் குறைந்தாலும் ரேங்க் குறையாது

ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் `EQUIVALENCE` என்றொரு கட்டளை உண்டு. அந்தக் காலத்து இயந்திரங்களில் நினைவகம் எப்போதும் பற்றாக்குறை. அதனால் புரோகிராம் எழுதுபவர், "A, B என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் ஒரே இடத்தைக் கொடு" என்று இந்தக் கட்டளை மூலம் சொல்லிவிடுவார். இன்னொரு வரியில் B-க்கும் C-க்கும் ஒரே இடம் என்பார். A-யும் C-யும் ஒரே இடத்தில்தான் இருக்கப்போகின்றன என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கம்பைலர்தான் அதைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வரி என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். நூறு பெயர்கள், நூறு வரிகள் என்று ஆகும்போது யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்பதே தனிக் கணக்காகிவிடும்.

1964-ல் பெர்னார்ட் கேலர், மைக்கேல் ஃபிஷர் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சேர்ந்த பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிவைக்க வேண்டாம், மரமாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. கம்பைலருக்காகப் பிறந்த அந்த யோசனையை இன்று யூனியன்-ஃபைண்ட் என்கிறோம். பாடப் புத்தகங்களில் டிஸ்ஜாயின்ட் செட் யூனியன் என்று இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்கிற பிள்ளைகள் 'டிஎஸ்யு' என்று முடித்துவிடுவார்கள்.

இது செய்யும் வேலைகள் இரண்டுதான். 'இந்த உறுப்பு எந்தக் குழுவில் இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ஃபைண்ட். 'இந்த இருவருடைய குழுக்களையும் ஒன்றாக்கு' என்பதைச் செய்து முடிப்பது யூனியன். குழுவுக்கென்று தனிப் பெயர் கிடையாது. குழுவில் ஒருவரே அதன் அடையாளம். இரண்டு பேருக்கும் ஒரே அடையாளம் வந்தால் இருவரும் ஒரே குழு.

ஒவ்வொரு உறுப்பும் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறது. தனக்கு மேலே யார் இருக்கிறார் என்பதுதான் அந்த எண், புரோகிராமில் அதற்குப் பெயர் `parent`. தனக்கு மேலே யாரும் இல்லாதவர் தன்னையே சுட்டிக்கொள்வார். அவர்தான் வேர். (கணினிக்காரர்களின் மரத்துக்கு வேர் உச்சியில்தான் இருக்கும், கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.) ஃபைண்ட் என்பது, கொடுத்த உறுப்பிலிருந்து மேலே மேலே ஏறி வேரைத் தொடுவது. யூனியன் என்பது, இரண்டு வேர்களில் ஒன்றை மற்றதன் கீழே மாட்டிவிடுவது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடலாம். 1-ன் வேரை 2-ன் கீழே மாட்டுகிறோம். பிறகு 2-ஐ 3-ன் கீழே, 3-ஐ 4-ன் கீழே என்று 8 வரை போகிறோம். கிடைப்பது பெயருக்குத்தான் மரம், உண்மையில் ஒற்றைச் சங்கிலி. 1-ன் வேர் எது என்று கேட்டால் 7 படி ஏற வேண்டும். 8 உறுப்புகளுக்கு 7 படி என்பது பெரிய விஷயமில்லை. 10 லட்சம் உறுப்புகள் என்றால் ஒரே ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 10 லட்சம் படி. அப்படி லட்சம் கேள்விகள் வந்தால் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், பதில் வராது.

இதைத் தடுக்க இரண்டு உத்திகள் இருக்கின்றன. ஒன்று மாட்டும்போது கவனமாக இருப்பது, மற்றது ஏறும்போதே வழியைச் சீர்செய்வது. முதலாவதன் பெயர் ரேங்க் பார்த்து இணைத்தல், இரண்டாவது பாதைச் சுருக்கம். ரேங்க் என்பது ஒவ்வொரு வேரிடமும் உள்ள இன்னொரு எண். தொடக்கத்தில் எல்லாருக்கும் 0. இணைக்கும்போது ரேங்க் குறைந்த வேர் ரேங்க் கூடிய வேரின் கீழே போகும். அப்போது யாருடைய ரேங்க்கும் மாறாது. குள்ளமான மரத்தை உயரமான மரத்தின் வேருக்குக் கீழே வைத்தால் மொத்த உயரம் கூடப்போவதில்லை அல்லவா? இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் யாராவது ஒருவர் கீழே போக, மேலே இருப்பவரின் ரேங்க் ஒன்று கூடும்.

பாதைச் சுருக்கம் இன்னும் எளிது. ஓர் அலுவலகத்தில் உங்கள் ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். முதல் மேசைக்காரர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார், அவர் இன்னொருவரைக் காட்டுகிறார், கடைசியில் உரியவரைப் பிடித்துவிடுகிறீர்கள். திரும்பி வரும்போது வழியில் இருந்த ஒவ்வொருவரிடமும் "இனிமேல் யாராவது கேட்டால் நேரே அவரிடமே அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்தவருக்கு அலைச்சல் இல்லை. ஃபைண்ட் செய்வதும் அதேதான். வேரைக் கண்டுபிடித்த பிறகு, வந்த வழியில் இருந்த எல்லாரையும் நேரடியாக வேரின் கீழே மாட்டிவிடுகிறது.

பைதானில் எழுதினால் மொத்தமே இவ்வளவுதான்:

```python
def find(x):
    if parent[x] != x:
        parent[x] = find(parent[x])
    return parent[x]

def union(x, y):
    a, b = find(x), find(y)
    if a == b:
        return False
    if rank[a] < rank[b]:
        a, b = b, a
    parent[b] = a
    if rank[a] == rank[b]:
        rank[a] += 1
    return True
```

இப்போது 1 முதல் 9 வரை ஒன்பது உறுப்புகளை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் தனித்தனி, எல்லாருக்கும் ரேங்க் 0. பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரைந்துகொண்டே படித்தால் நல்லது.

முதலில் `union(1, 2)`. இரண்டும் வேர்கள், இரண்டுக்கும் ரேங்க் 0. சமம் என்பதால் 2 போய் 1-ன் கீழே உட்காருகிறது, 1-ன் ரேங்க் 1 ஆகிறது. இதே மாதிரி `union(3, 4)`, `union(5, 6)`, `union(7, 8)` மூன்றையும் செய்கிறோம். இப்போது நான்கு ஜோடிகள் இருக்கின்றன. அவற்றின் வேர்கள் 1, 3, 5, 7, ஒவ்வொன்றுக்கும் ரேங்க் 1. 9 மட்டும் தனியாக நிற்கிறது.

அடுத்து `union(2, 4)`. இங்கேதான் புதியவர்கள் பலர் தடுக்கி விழுவார்கள். 4-ஐத் தூக்கி 2-ன் கீழே வைப்பதல்ல வேலை. 2-ன் வேர் 1, 4-ன் வேர் 3. இணைய வேண்டியவை இந்த வேர்கள். இரண்டுக்கும் ரேங்க் 1, எனவே 3 போய் 1-ன் கீழே மாட்டிக்கொள்கிறது, 1-ன் ரேங்க் 2 ஆகிறது. 4 எங்கேயும் நகரவில்லை. அது இன்னும் 3-ன் கீழேதான் இருக்கிறது, ஆனால் 3-ஓடு சேர்ந்து 1-ன் குடும்பத்துக்கு வந்துவிட்டது. `union(6, 8)` செய்தால் அந்தப் பக்கமும் இதே கதை: 7 போய் 5-ன் கீழே உட்கார, 5-ன் ரேங்க் 2.

இதுவரை ரேங்க் என்பதும் மரத்தின் உயரமும் ஒன்றாகவே இருந்தன. 1-ன் ரேங்க் 2, அதன் கீழே மிக ஆழத்தில் இருக்கும் 4-லிருந்து ஏறவும் இரண்டே படி. ஏழாவது இணைப்பில் இந்த ஒற்றுமை உடைகிறது.

`union(4, 8)`. முதலில் 4-ன் வேரைத் தேடுகிறோம். 4-லிருந்து 3, 3-லிருந்து 1. வேர் கிடைத்துவிட்டது, திரும்பும் வழியில் 4-ஐ நேரே 1-ன் கீழே மாட்டுகிறோம். பிறகு 8-ன் வேர். 8-லிருந்து 7, 7-லிருந்து 5. 8 இனி நேரே 5-ன் கீழே. இந்தத் தேடலிலேயே இரண்டு மரங்களும் தட்டையாகிவிட்டன. 1-ன் கீழே 2, 3, 4 மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன, 5-ன் கீழே 6, 7, 8 இருக்கின்றன. இரண்டு மரங்களுக்கும் உண்மையான உயரம் இப்போது 1. ஆனால் ரேங்க் என்ன சொல்கிறது? இரண்டுக்கும் 2 என்றுதான் எழுதியிருக்கிறது. சமம் என்பதால் 5 போய் 1-ன் கீழே மாட்டிக்கொள்ள, 1-ன் ரேங்க் 3 ஆகிறது. மரத்தின் உயரமோ 2.

இந்த இடத்தில் `parent` பட்டியலை 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
1 1 1 1 1 5 5 5 9
```

கடைசியாக `union(9, 6)`. 9 தானே வேர், ரேங்க் 0. 6-லிருந்து 5, 5-லிருந்து 1, போகிற போக்கில் 6-உம் 1-ன் கீழே வந்துவிடுகிறது. 0 எங்கே, 3 எங்கே! 9 பேசாமல் 1-ன் கீழே போகிறது, ரேங்க் மாறவில்லை. இதன் பிறகு யாராவது 7-ஐயும் 8-ஐயும் ஒரு தடவை விசாரித்தால் அவர்களும் மேலே வந்துவிடுவார்கள். அப்போது 1-ன் கீழே எட்டுப் பேரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். உயரம் 1, ரேங்க் 3.

சரி, பொய்யாகிப்போன இந்த எண்ணை ஏன் திருத்தவில்லை என்று கேட்கத் தோன்றும். திருத்த முடியாது என்பது முதல் காரணம். ஒவ்வொருவருக்கும் மேலே யார் என்று மட்டும்தான் தெரியும், கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பது வேருக்குத் தெரியாது. 4 மேலே ஏறிவந்த பிறகு மரத்தின் உயரம் குறைந்ததா, அல்லது வேறு ஏதாவது கிளை அதே ஆழத்தில் தொங்குகிறதா என்று அறிய எல்லா உறுப்புகளையும் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். அதைச் செய்தால் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். திருத்தத் தேவையே இல்லை. உண்மையான உயரம் ரேங்க்கைவிடக் குறையலாமே தவிர, ஒருபோதும் அதைத் தாண்டாது. நமக்கு வேண்டியது இந்த உச்சவரம்பு மட்டும்தான். அதனால்தான் இந்த எண்ணுக்கு உயரம் என்று பெயர் வைக்காமல் ரேங்க் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த உச்சவரம்பு எவ்வளவு கறாரானது என்பதையும் நம் கணக்கிலேயே பார்க்கலாம். ரேங்க் 1 வேண்டுமானால் ரேங்க் 0 உள்ள இருவர் சேர வேண்டும். ரேங்க் 2-க்கு ரேங்க் 1 உள்ள இரண்டு மரங்கள். ரேங்க் 3-க்கு அதைப்போல இரு மடங்கு. ஒவ்வொரு முறை ரேங்க் ஒன்று கூடும்போதும் குழுவில் இருக்க வேண்டிய ஆட்கள் இரட்டிக்கிறார்கள். ரேங்க் 3 என்றால் குறைந்தது 8 பேர், நம் ஏழாவது இணைப்பில் மிகச் சரியாக 8 பேர் இருந்தார்கள். இதே கணக்கில் போனால் 10 லட்சம் உறுப்புகளில் எந்த வேருக்கும் ரேங்க் 19-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் 20-ஐத் தொட 10,48,576 பேர் வேண்டும். சங்கிலியாக இருந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் படி ஏற வைத்த அதே கேள்விக்கு, ரேங்க் மட்டும் பார்த்து இணைத்தாலே மிக மோசமான நிலையிலும் 19 படிதான்.

பாதைச் சுருக்கமும் சேரும்போது நடப்பதை அளப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ஒரு தடவை 19 படி ஏறினால் அந்த வழியில் இருந்த அத்தனை பேரும் அடுத்த தடவைக்கு ஒரே படியில் முடித்துக்கொள்வார்கள். அதாவது ஒவ்வொரு கஷ்டமான தேடலும் பின்னால் வருகிற தேடல்களைச் சுலபமாக்கிவிடுகிறது. ஆகவே ஒரு தேடலை மட்டும் தனியே எடுத்து அளப்பதில் பொருளில்லை, மொத்தத் தேடல்களையும் கூட்டி வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து 1975-ல் ராபர்ட் டார்ஜன் ஒரு விடை தந்தார். சராசரியாக ஒரு செயலுக்கு ஆகும் செலவு, ஆக்கர்மன் சார்பின் தலைகீழ் என்ற ஒரு அளவோடு மட்டும் வளர்கிறது. ஆக்கர்மன் சார்பு எழுதி மாளாத வேகத்தில் பெருகக்கூடியது, ஆகவே அதன் தலைகீழ் அதே அளவுக்கு மெதுவாக நகரும். எத்தனை கோடி கோடி உறுப்புகளைக் கொடுத்தாலும், நடைமுறையில் யாரும் சேமிக்கக்கூடிய எந்த எண்ணிக்கைக்கும், அது 4-ஐத் தாண்டாது. இதைவிட நன்றாகச் செய்யும் வழி இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு 1989-ல் ஃபிரெட்மன், சாக்ஸ் இருவரும் இல்லை என்று நிறுவிவிட்டார்கள். பத்துப் பதினைந்து வரி புரோகிராமுக்கு இவ்வளவு ஆழமான கணக்கு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டில் ஒன்று போதாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. பாதைச் சுருக்கம் மட்டும் இருந்தாலும் சராசரிச் செலவு கட்டுக்குள்தான் இருக்கும். ஆனால் மேலே உள்ள `find` தன்னையே கூப்பிட்டுக்கொண்டு ஏறுகிறது. ரேங்க் இல்லாமல் சங்கிலி வளர்ந்துவிட்டால், முதல் தேடலின்போது அந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே மூச்சில் ஏற வேண்டும். பைதான் வழக்கமாக ஆயிரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி `RecursionError` என்று சொல்லிவிடும். ரேங்க் இருந்தால் 10 லட்சம் உறுப்புகளிலும் ஆழம் 19-ஐத் தாண்டாது என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

ரேங்க்குக்குப் பதிலாகக் குழுவில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை வேரிடம் வைத்துக்கொண்டு, சிறிய குழுவைப் பெரியதன் கீழே மாட்டுகிறவர்களும் உண்டு. வேகம் அதே வேகம்தான். ஒரு வசதி கூடுதல்: பாதை சுருங்கினாலும் ஆட்கள் அதே வேரின் கீழேதான் இருக்கிறார்கள், ஆகவே எண்ணிக்கை ஒருபோதும் பொய்யாகாது. 'இந்தக் குழுவில் எத்தனை பேர்' என்ற கேள்விக்கும் உடனே பதில் கிடைத்துவிடும். வேலைக்கு எழுதுகிற புரோகிராம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தவறுகள் எங்கே நுழைகின்றன என்பதற்கும் நம் ஒன்பது பேரே போதும். `union(2, 4)` வரும்போது வேர்களைத் தேடாமல் `parent[4] = 2` என்று எழுதிவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 4 தன் ஜோடியான 3-ஐ விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடும், 3 அநாதையாகிவிடும். புரோகிராம் நிற்காது, பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. 9 குழுக்களில் தொடங்கினோம். `union` ஒவ்வொரு முறை `True` என்று திருப்பும்போதும் குழுக்களில் ஒன்று குறைய வேண்டும். ஐந்து இணைப்புகளுக்குப் பிறகு தன்னைத் தானே சுட்டும் வேர்கள் 4 இருக்க வேண்டும். இந்தத் தப்பான புரோகிராமில் எண்ணினால் 1, 3, 5, 7, 9 என்று 5 வரும்.

இன்னொரு தவறு கடைசியில் குழுக்களை எண்ணும்போது வரும். ஏழாவது இணைப்புக்குப் பின் எழுதிப் பார்த்த பட்டியலை மறுபடி பாருங்கள். அதில் 1, 5, 9 என்று மூன்று வேறு எண்கள் இருக்கின்றன. உடனே மூன்று குழு என்று சொல்லிவிடத் தோன்றும். உண்மையில் இரண்டுதான், 6, 7, 8 மூவரும் இன்னும் 5-ஐச் சுட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் 5 ஏற்கெனவே 1-ன் கீழே போய்விட்டது. `parent` என்ன சொல்கிறது என்று நேரடியாகப் பார்க்கக் கூடாது, எப்போதும் `find` வழியாகத்தான் கேட்க வேண்டும்.

`union` திருப்பும் அந்த `False`-க்கும் ஒரு பயன் உண்டு. ஊர்களை மிகக் குறைந்த செலவில் கம்பியால் இணைக்க, மலிவான இணைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று ஜோசஃப் கிரஸ்கல் 1956-ல் சொன்னார். ஏற்கெனவே ஒரே குழுவில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே இன்னொரு கம்பி போட்டால் அது வீண் வளையம். `False` வந்தால் அந்தக் கம்பியைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அமைப்பால் முடியாதது, சேர்ந்தவர்களைப் பிரிப்பது. குறிப்பாகப் பாதைச் சுருக்கம் பழைய தடயங்களை அழித்துவிடுகிறது. ஏழாவது இணைப்புக்குப் பிறகு 8 ஒரு காலத்தில் 7-ன் கீழே இருந்தது என்பதற்கு எந்தச் சான்றும் மிச்சமில்லை. பின்னோக்கிப் போக வேண்டிய வேலைகளில் அதனால் பாதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு ரேங்க்கை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அப்போது ஒவ்வொரு இணைப்பும் மாற்றுவது ஒரு `parent`, கூடவே அதிகபட்சம் ஒரு `rank`. மாற்றுவதற்கு முன் பழைய மதிப்புகளை ஓர் அடுக்கில் குறித்துவைத்தால் போதும். `union(4, 8)`-ஐ அப்படிச் செய்திருந்தால், அதை ரத்துசெய்ய `parent[5]`-ஐ மறுபடி 5 ஆக்கி, `rank[1]`-ஐ 2 ஆக்கினால் வேலை முடிந்தது. ஆனால் கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் ரத்துசெய்ய முடியும். நடுவில் உள்ள `union(2, 4)`-ஐ மட்டும் உருவியெடுக்க வேண்டுமானால், அதற்குப் பின் செய்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை நீக்கிவிட்டு, மற்றவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.